பெரியப்பா நின்ற மலை எது? ஒரு பனிப் படத்தைப் படிக்கும் பாடம்



சென்ற தவணையில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி பழைய வண்ணப் படம் ஒன்றை என்னிடம் கொண்டு வந்தாள். வரலாற்றுப் பாடத்திற்காகத் தன் குடும்பக் கதையை எழுதிக்கொண்டிருந்தாள். படத்தில் இருப்பவர் அவளுடைய பெரியப்பா. 1980களில் வெளிநாட்டில் படித்தவர், இப்போது உயிருடன் இல்லை. “பெரியப்பா சுவிட்சர்லாந்து போனபோது எடுத்த படம்” என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லி வந்திருக்கிறார்கள். படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. “டீச்சர், இது சுவிட்சர்லாந்துதானா? தவறாக எழுதிவிடக் கூடாது” என்று கேட்டாள்.

பனி எங்கும் வெள்ளையாகத்தானே இருக்கும், அதை வைத்து எப்படிச் சொல்வது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பனிமலையில் மனிதன் நட்டுவைத்த பொருள்கள் நிறையப் பேசும். நாங்கள் மூன்றைப் பார்த்தோம்: மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட், பனி வேலி, கட்டடம்.

குடும்பப் படம் என்பதால் அதை இங்கே அச்சிடவில்லை. அதில் இருப்பதைச் சொல்கிறேன், மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். முன்னால் தடித்த சட்டையும் கம்பளித் தொப்பியுமாகப் பெரியப்பா நிற்கிறார். பின்னால் உருண்ட முதுகுடைய, மரமே இல்லாத மலை. பனியைத் துளைத்துக்கொண்டு பழுப்பு நிறப் புதர்க் குச்சிகள் அங்கங்கே தெரிகின்றன. சறுக்குப் பாதையின் ஓரமாக மரச்சட்ட வேலிகள் வரிசையாக நிற்கின்றன, சில பாதிவரை புதைந்துள்ளன. குட்டையான இரும்புத் தூண்களுக்கு இடையே ஒரு கம்பி ஓடுகிறது. அதிலிருந்து தொங்கும் சட்டத்தில் சாய்ந்தபடி இருவர் நின்றுகொண்டே மேலே போகிறார்கள். ஓரத்தில் தகரக் கூரை போட்ட தாழ்வான கட்டடம். அதன் முன் கார்கள்.

முதல் தடயம்: லிஃப்ட்

பனிச்சறுக்கு மலைகளில் காணப்படும் லிஃப்டுகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது இழுவை லிஃப்ட். பயணி தன் சறுக்குப் பலகைகளில் நின்றபடியே இருப்பார், கம்பி அவரை இழுத்துச் செல்லும். இரண்டாவது நாற்காலி லிஃப்ட். மூன்றாவது மூடிய அறைகள் கொண்டது. கெந்திங்கிலும் லங்காவியிலும் நாம் கேபிள் கார் என்று சொல்வது இந்த மூன்றாவது வகையில் கொண்டோலா எனப்படும் பிரிவைச் சேர்ந்தது. சுழன்றுகொண்டே இருக்கும் கம்பியில் பல சிறிய அறைகள் கோக்கப்பட்டிருக்கும்.

நம் படத்தில் இருப்பது இழுவை லிஃப்ட். தலைகீழான ‘டி’ எழுத்தைப் போன்ற சட்டத்தை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்கு டி-பார் என்று பெயர்.

டி-பாரின் தூண்கள் ஏன் குட்டையாக இருக்கின்றன? ஒரு கணக்குப் போடுவோம். பயணியின் நிறை 60 கிலோகிராம், சரிவு 15 பாகை என்று கொள்வோம். அவருடைய எடை 60 × 9.8 = 588 நியூட்டன். நாற்காலி லிஃப்டில் இந்த எடை முழுவதும், நாற்காலியின் எடையும் சேர்ந்து, கம்பியில் தொங்கும். டி-பாரில் எடையின் பெரும்பகுதியைப் பனித்தரையே தாங்குகிறது. சரிவின் வழியாகக் கீழே இழுக்கும் பகுதியை மட்டும் கம்பி ஈடுகட்டினால் போதும். அது 588 × சைன் 15° = ஏறத்தாழ 152 நியூட்டன். இதோடு பனியின் சிறிய உராய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையில் கால் பங்கைச் சற்றே தாண்டும் விசைதான் தேவை.

தரையில் நிற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. உயரத்தில் தொங்கும் நாற்காலியைப் பக்கவாட்டுக் காற்று ஊஞ்சலாக்கிவிடும். காற்று கூடினால் நாற்காலி லிஃப்டையும் கொண்டோலாவையும் நிறுத்தியாக வேண்டும். டி-பார் பயணியோ தரையில் நிற்கிறார், அவரைக் காற்று தூக்கி ஆட்டாது. அதனால் நாற்காலிகள் நின்றுபோகும் நாளிலும் டி-பார் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். மரம் இல்லாத மலையில் டி-பாரைப் பார்த்தால், ‘இங்கே காற்று அதிகமோ?’ என்ற கேள்வி நமக்கு எழ வேண்டும்.

அப்படியானால் இது சுவிட்சர்லாந்து இல்லை என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. உலகின் முதல் டி-பார் வகை லிஃப்ட் 1934ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில்தான் ஓடியது. இன்றும் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் மேல் டி-பார்களைக் காணலாம். பனியாறு மெல்ல நகரும் பனிக்கட்டி. அதில் கனமான உயர்ந்த தூண்களை நிலையாக ஊன்ற முடியாது, இலேசான இழுவை லிஃப்டுகளை அவ்வப்போது இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே டி-பாருக்கு ‘காற்று’, ‘பனியாறு’ என்று இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. மலிவாகவும் எளிதாகவும் அமைக்கலாம் என்பது மூன்றாவது விளக்கம். நம் படத்தில் பனிக்கு மேல் புதர்க் குச்சிகள் தெரிவதால் அது பனியாறு அல்ல. மீதி இரண்டையும் பிரித்துப் பார்க்க அடுத்த தடயம் வேண்டும்.

இரண்டாம் தடயம்: வேலி

பனிமலையில் வேலி என்றால் இரண்டு வேறு பொருள்கள் உண்டு. ஒன்று பனியைச் சேர்க்கிறது. மற்றொன்று சேர்ந்த பனி நழுவாமல் பிடித்து வைக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்த மாதிரி.

முதலில் பனியைச் சேர்க்கும் வேலி. உலர்ந்த பனித்துகள்களைக் காற்று மணலைப் போல் அள்ளிச் செல்லும். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை தரையை ஒட்டியே பறக்கும். வழியில் சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்ட ஒரு வேலி இருந்தால், அதைக் கடக்கும் காற்று வேகம் இழக்கும். வேகம் குறைந்த காற்றால் துகள்களைச் சுமக்க முடியாது, வேலிக்குப் பின்னால் கொட்டிவிடும். மழைக்குப் பின் ஆற்றின் வேகம் குறையும் இடத்தில் மணல் படிவதும் இப்படித்தான்.

இடைவெளியே இல்லாத சுவர் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று தோன்றும். உண்மை வேறு. சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபுறம் சுழலாக இறங்கும். பனி சுவரை ஒட்டிக் குறுகிய மேடாகக் குவியும், சுவரும் விரைவில் புதைந்துவிடும். பாதி சட்டம், பாதி இடைவெளி என்று அமைந்த வேலிக்குப் பின்னால்தான் நீண்ட குவியல் கிடைக்கும். சமதரையில் அது வேலி உயரத்தைப் போல 30 மடங்குக்கும் மேல் நீளலாம். அதாவது 2 மீட்டர் வேலிக்குப் பின்னால் 60 மீட்டருக்கும் அதிகம். தரைக்கும் கடைசிச் சட்டத்திற்கும் இடையே சற்று இடம் விடுவதும் இதற்காகத்தான். அந்த இடுக்கில் காற்று விரைந்து ஓடுவதால் வேலியின் காலடியில் பனி சீக்கிரம் அடைத்துக்கொள்ளாது.

இரண்டாவது வகை, பனிச்சரிவுத் தடுப்பு. இதைச் செங்குத்தான மலைமுகத்தில், பனிச்சரிவு தொடங்கக்கூடிய இடத்திலேயே அமைப்பார்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 50 பாகை வரையிலான சரிவுகளில் தொடங்குகின்றன. அங்கே பல மீட்டர் உயரமுள்ள உறுதியான எஃகுச் சட்டங்கள் படிப்படியாக, வரிசைக்கு மேல் வரிசையாக, ஊருக்கு மேலே நிற்கும். அவை காற்றை மெதுவாக்குவதற்கு அல்ல. பனிப்போர்வை முழுவதும் ஒன்றாக நழுவாதபடி தாங்குவதற்காக நிற்பவை. டாவோஸ் நகருக்கு மேலுள்ள சரிவுகளில் இத்தகைய வரிசைகளைக் காணலாம்.

ஒரு படத்தில் இந்த எஃகு வரிசைகளைக் கண்டால் அதன் பொருள் கனமானது. கீழே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், மேலே அவர்களைக் கொல்லக்கூடிய பனி இருக்கிறது என்பதுதான் அது. ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி இறங்கிய பனிச்சரிவில் 31 பேர் மாண்டனர். அதன் பிறகு அந்த ஊருக்கு மேலே தடுப்புகளும் ஊரோரம் பாதுகாப்புச் சுவர்களும் எழுந்தன. இப்படிப்பட்ட தடுப்புகளை அழகுக்காக யாரும் கட்டுவதில்லை.

இப்போது நம் படத்துக்குத் திரும்புவோம். வேலிகள் மரத்தால் ஆனவை, ஆள் மார்பளவு உயரம்தான். செங்குத்தான முகட்டில் இல்லை, சறுக்குப் பாதையின் ஓரத்திலும் டி-பார் ஓடும் தடத்தின் ஓரத்திலும் நிற்கின்றன. ஆகவே இவை பனியைச் சேர்ப்பவை. ஏன் லிஃப்டின் தடத்திற்கும் வேலி? டி-பார் பயணி தரையில் நிற்கிறாரே, அந்தத் தரையில் அடியிலிருந்து முடிவரை பனி வேண்டும். காற்று பனியைத் துடைத்துவிட்டால் லிஃப்ட் இருந்தும் பயனில்லை.

படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது மாணவிதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். “டீச்சர், வேலியில் வெள்ளை இறகு முளைத்திருக்கிறது!” வேலிச் சட்டங்களின் இடப்பக்கத்தில் மட்டும் இறகு இறகாகப் பனி ஒட்டியிருந்தது. மேகத்தில் உள்ள நுண்ணிய நீர்த்துளிகள் 0 பாகை செல்சியசுக்குக் கீழே போன பிறகும் உறையாமல் நீராகவே இருக்கலாம். அவை ஒரு பொருளில் மோதிய கணத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். துளிகளைக் காற்று கொண்டுவருவதால், காற்று வரும் பக்கம் நோக்கித்தான் இந்த இறகுகள் வளரும். படத்தில் இறகுகள் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. நீண்ட பனிக்குவியல் வேலிகளின் வலப்பக்கம் கிடந்தது. காற்று இடமிருந்து வலமாக வீசியது என்று இரண்டும் ஒன்றாகச் சாட்சி சொல்லின.

ஆக, இது மரமற்ற, காற்று மிகுந்த மலை. விழுந்த பனி தங்காததால் அதைப் பிடித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. டி-பாருக்கும் காற்றே நல்ல விளக்கமாகிறது.

மூன்றாம் தடயம்: கட்டடம்

ஆல்ப்ஸ் மலைவீடு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஷலே எனப்படும் மரவீடு. கல்லால் ஆன அடித்தளம், மேலே கருத்த மரச்சுவர், சுவரைத் தாண்டி நீளும் அகன்ற கூரை. கூரை பெரும்பாலும் மிகச் செங்குத்தாக இருக்காது. பனி அதன் மேல் தங்கட்டும் என்று விடுகிறார்கள். பனிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, கூரைமேல் கிடக்கும் பனி வீட்டுக்கு ஒரு கம்பளி. செர்மாட் ஊரில் பழைய தானியக் கிடங்குகளைத் தூண்களின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு தூணின் தலையிலும் அகன்ற தட்டையான கல்லை வைத்திருப்பார்கள். எலி தூணில் ஏறினாலும் அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே போக முடியாது.

ஆனால் மூன்று தடயங்களில் கட்டடத்தைத்தான் மிகக் குறைவாக நம்ப வேண்டும். ஏன் என்று மலேசியர்களாகிய நமக்கு நன்றாகத் தெரியும். பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கியில் பிரெஞ்சு ஊரைப் போன்ற வீதி இருக்கிறது. கேமரன் மலையில் ஆங்கிலேயப் பாணியில் கறுப்பு மரச்சட்டங்கள் வைத்த வெள்ளைச் சுவர்களைக் காணலாம். வீட்டின் பாணியை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஜப்பானிலும் கனடாவிலும் சுவிஸ் பாணி விடுதிகள் உண்டு. காற்றையும் சரிவையும் அப்படிக் கொண்டுபோக முடியாது. அவற்றுக்குப் பதில் சொல்வதற்காக நட்ட வேலியும் லிஃப்டும் அதனால்தான் கூடுதல் நம்பிக்கைக்கு உரியவை.

நம் படத்தில் ஷலே இல்லை. தாழ்வான, அலங்காரமில்லாத கட்டடமும் கார் நிறுத்துமிடமும்தான் உள்ளன. தங்கும் விடுதிகளோ தேவாலயக் கோபுரமோ தெரியவில்லை. படத்தின் சட்டகத்திற்கு வெளியே அவை இருந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் லிஃப்டின் அடியிலேயே கார்கள் நிற்பது, காலையில் வந்து மாலையில் திரும்பும் மக்களுக்கான மலை என்ற எண்ணத்தைத் தருகிறது.

மூன்றையும் சேர்த்தால்

மரமற்ற, உருண்டையான, காற்று மிகுந்த மலை. தங்கும் ஊரைச் சுற்றி அமையாமல், பகலில் வந்து போவதற்காக அமைந்த சறுக்கு மையம். இந்த வகைக்கு நன்கு பொருந்துவது ஸ்காட்லாந்து. அங்குள்ள கெய்ன்கோர்ம் மலை உச்சியில் 1986ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி மணிக்கு 278 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. அந்த மலையில் 1960களில் அமைத்த நாற்காலி லிஃப்டைக் காற்று அடிக்கடி நிறுத்திவிட்டது. கடைசியில் 2001இல் அதற்குப் பதிலாகத் தண்டவாளத்தில் ஏறும் வண்டியையே கொண்டுவந்தார்கள். ஸ்காட்லாந்தின் சறுக்கு மையங்களில் மர வேலிகள் பாதையோரமெங்கும் நிற்பது வழக்கம். உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செர்மாட் ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான்.

மாணவியிடம் இங்கேதான் ஒரு தடை போட்டேன். “நார்வேயிலும் மரமற்ற காற்று மலைகள் உண்டே? அங்கும் இழுவை லிஃப்டும் பனி வேலியும் இருக்குமே?” அவள் யோசித்தாள். நார்வே மலைகளில் மரக்குடில்கள் சிதறிக் கிடப்பதை அதிகம் காணலாம், சிலவற்றின் கூரையில் புல் வளர்ந்திருக்கும். படத்தில் குடில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று தெரியவில்லை என்பது வலுவான சான்று ஆகாது.

பிறகு அவள் கார்களைப் பார்த்தாள். முதுகைக் காட்டி நின்ற கார்களின் எண் பலகை மஞ்சள். முகத்தைக் காட்டிய ஒரு காரின் எண் பலகை வெள்ளை. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்பது பிரிட்டன் வழக்கம்! நார்வே தள்ளுபடியானது.

பனியும் இயற்பியலும் எங்களை அதுவரைதான் கொண்டுவந்தன. மலையின் வகை தெரிந்தது, பெயர் தெரியவில்லை. “பெரியப்பா எந்த ஊரில் படித்தார்?” என்று கேட்டேன். வீட்டில் கேட்டுவிட்டு மறுநாள் வந்தாள். “டண்டி, டீச்சர்.” டண்டி ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நகரம். அங்கிருந்து காரில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் க்ளென்ஷி சறுக்கு மையம் இருக்கிறது. 670 மீட்டர் உயரமுள்ள கணவாயில், நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே அது அமைந்துள்ளது. கார்கள் லிஃப்டின் அடியில் நிற்பதற்கும் அது பொருந்துகிறது.

அவள் தன் கட்டுரையில் இப்படி எழுதினாள்: “இந்தப் படம் ஸ்காட்லாந்தில் எடுக்கப்பட்டது. பெரும்பாலும் க்ளென்ஷியாக இருக்கலாம்.” ‘ஸ்காட்லாந்து’ என்பதற்குச் சான்று இருந்தது. ‘க்ளென்ஷி’ என்பது ஊகம். இரண்டையும் அவள் ஒரே உறுதியோடு எழுதவில்லை, அதற்காகவே அவளைப் பாராட்டினேன். வீட்டில் பாட்டிக்கு முதலில் ஏமாற்றமாம். பிறகு, “படிக்கப் போன பிள்ளை சுவிட்சர்லாந்துக்குச் செலவழிக்க ஏது பணம் என்று நான் அப்போதே நினைத்தேன்” என்றாராம்.

செய்து பார்ப்போம்

கறுப்புத் தட்டில் ஒரு சீப்பைப் பற்கள் மேல்நோக்கி நிற்குமாறு களிமண்ணில் ஊன்றுங்கள். அதற்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இரண்டு கரண்டி மெல்லிய ரவையைப் பரப்புங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு, முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து, தரையை ஒட்டி மெதுவாக ஊதுங்கள். குவியலின் நீளத்தை அளந்து எழுதுங்கள். பின் சீப்பை எடுத்துவிட்டு, அதே உயரமுள்ள அட்டையை நிறுத்தி மீண்டும் செய்யுங்கள். எதற்குப் பின்னால் குவியல் நீளமாக விழுகிறது? எது விரைவில் புதைகிறது?

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு படத்தில் ஷலே வீடுகளும், அவற்றுக்கு மேலே செங்குத்தான சரிவில் எஃகுச் சட்ட வரிசைகளும் தெரிகின்றன. எந்தத் தடயத்தை முதலில் நம்புவீர்கள்? அது உங்களுக்கு எதைச் சொல்கிறது?

2. வேலியின் வலப்பக்கம் பனி இறகுகள் வளர்ந்திருந்தால், நீண்ட பனிக்குவியலை எந்தப் பக்கம் தேடுவீர்கள்?

விடைகள்: 1. எஃகு வரிசைகளை. ஷலே பாணியை நகல் எடுக்கலாம். எஃகுத் தடுப்போ, மேலே பனிச்சரிவு தொடங்கக்கூடிய செங்குத்துச் சரிவும் கீழே காக்க வேண்டிய ஊரோ சாலையோ இருப்பதைக் காட்டுகிறது. எந்த நாடு என்று அது மட்டும் சொல்லாது. 2. இடப்பக்கம். இறகு காற்றை எதிர்கொண்டு வளரும், நீண்ட குவியல் காற்றுக்கு மறைவான பக்கம் விழும்.